ஷட்டரை இறக்கச் சொன்னது யார்?

அத்தியாயம் 9

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர் மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சோரியாங்குப்பத்தில் எல்லையை ஒட்டிய சின்ன மெஸ். பக்கிரிசாமி மூலை மேசையில் உட்கார்ந்து முள்ளை இலை ஓரத்தில் வரிசையாக அடுக்கியிருந்தார். வெளியே வேப்ப மரத்தடியில் வில்லியனூர் எஸ்.ஐ.யின் ஜீப் நின்றது. "அவன் சாப்ட்டு முடிக்கிற வரைக்கும்தான் உங்களுக்கு டைம்" என்று எஸ்.ஐ. சொல்லியிருந்தார்.

"இன்னொரு மீன் வாங்கிக் குடுத்துடலாமா மேடம்? டைம் கூடும்" என்றான் வீரமணி.

இளவரசி எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். துப்பறியும் வேலைக்கு வந்து சில வருடங்கள் ஆகியும் புதிய ஆளிடம் முதல் வார்த்தை பேச அவளுக்கு இன்னும் கூச்சம். வீரமணியை உதவியாளனாக வைத்திருப்பதற்கு அது ஒரு காரணம். அவனுக்குக் கூச்சம் என்ற உறுப்பே கிடையாது.

பக்கிரிசாமியைக் கண்டுபிடிப்பது எளிதாகத்தான் இருந்தது. போன் நம்பர் செத்துப்போன ஒருவர் பெயரில் இருந்தது. டவர் மட்டும் சோரியாங்குப்பத்தைக் காட்டியது. இளவரசி ஊருக்குள் போய், "இங்கே இன்ஸ்பெக்டர் மாதிரி பேசுகிற ஆள் யார்?" என்று கேட்டாள். ஊரே ஒரே வீட்டைக் காட்டியது. ஊர்க்காவல் படையில் கொஞ்ச நாள் இருந்து நீக்கப்பட்டவர். காக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். குரலைக் கொடுக்கவில்லை.

"வில்லியனூர் ஜவுளிக் கடைக்கு போன் பண்ணி, கஸ்டமர் மோதிரம் காணோம், உங்க கடைப் பொண்ணு எடுத்துட்டான்னு சொன்னது நீங்கதானே?" என்று இளவரசியே ஆரம்பித்தாள்.

"நான்தான்." மறுப்பே இல்லை. "ஜீப்பே வந்துச்சே, இனிமே எதை மறைக்கிறது?"

"கீர்த்திகாவை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"யாரு கீர்த்திகா?"

"நீங்க திருடின்னு சொன்ன பொண்ணு. பெயரைச் சொல்லித்தான் கேட்டீங்கன்னு கடைக்காரர் சொல்றார்."

பக்கிரிசாமி சிரித்தார். "புதுசா சேந்த ஒல்லிப் பொண்ணு ஒண்ணு இருக்குதே, அதுன்னேன். எந்தக் கடையில புதுப் பொண்ணு இல்ல? அவரேதான் 'கீர்த்திகாவா சார்?'னாரு. 'அதேதான்'னேன். அப்புறம் அவரு வாயால, நான்தான் பேரு சொன்னேன்னு ஆயிடுச்சு."

வீரமணி முகத்தில் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

"எதுக்காகச் செஞ்சீங்க? அந்தக் கடை மேல ஏதாவது கோபமா?"

"ஒண்ணும் இல்லம்மா. போர்டுல நம்பர் இருந்துச்சு. எவ்ளோ தூரம் போவாங்கன்னு பாக்கலாம்னுதான்." சோற்றைப் பிசைந்தார். "எடுத்த எடுப்புல பெருசா ஒண்ணும் கேக்கக் கூடாது. மொதல்ல பேரு. அப்புறம் பையைப் பாருங்க. அப்புறம் செல்லை வாங்கி வையுங்க. அப்புறம் ஓரமா நிக்க வையுங்க. ஒவ்வொண்ணும் போனதை விட கொஞ்சூண்டுதான் பெருசு. பையைப் பாத்தவன் செல்லை வாங்க மாட்டேன்னு எப்படிச் சொல்லுவான்? சொன்னா, அப்ப பையை ஏன்டா பாத்தேன்னு அவன் மனசே கேக்குமே."

"அப்புறம்?"

"போனை வைக்க விடக் கூடாது. வச்சா யோசிப்பான். பயந்தான்னா, 'பொறுப்பு என்னுது, நீங்க ஒத்துழைக்கிறீங்க, அவ்ளோதான்'னு சொல்லணும். அதைக் கேட்டதும் அவன் மூச்சு விடுறது எனக்கே கேக்கும்."

"எல்லாரும் கேட்டாங்களா?"

"எங்க? பாதிப் பேரு, 'எந்த ஸ்டேஷன், நானே நேர்ல வரேன்'னு வச்சிட்டாங்க. வச்சிட்டா முடிஞ்சுது. என்கிட்ட இன்னா இருக்குது? லத்தியா, ஜீப்பா? வாய்தான."

இளவரசி அவர் இலையைப் பார்த்தாள். இன்னும் இரண்டு கவளம்.

"குடோன்ல போட்டு ஷட்டரை இறக்கச் சொன்னது எந்தக் கட்டத்துல?"

பக்கிரிசாமியின் கை முதல் முறையாக நின்றது.

"ஷட்டரா? அதை நான் சொல்லலம்மா. குடோன் வாசல்ல, உள்பக்கமா நிக்க வையுங்கன்னேன். அவ்ளோதான். லைன் கட்டாயிடுச்சு. திரும்பத் திரும்பப் போட்டேன், போகவே இல்ல. சரி, வச்சிட்டான்னு விட்டுட்டேன்."

"பொய் சொல்றார் மேடம்" என்றான் வீரமணி.

"மத்தது எல்லாத்தையும் ஒத்துக்கினேன். இதுல மட்டும் பொய் சொல்லி இன்னா பண்ணப் போறேன்?" அவர் எழுந்து கை கழுவப் போனார். "அந்தப் பொண்ணு பொழச்சிக்குமா?"

ஜன்னல் இல்லாத, தகரக் கூரை போட்ட குடோனில், கத்திரி வெயிலில், கீர்த்திகா மதியம் முழுக்க அடைபட்டுக் கிடந்தாள். கரண்ட் போய் மின்விசிறியும் நின்றுவிட்டது. சாயங்காலம் மறுபடி கடை திறக்க வந்தவர்கள் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். போன வாரத்திலிருந்து நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். கரிக்கலாம்பாக்கத்திலிருந்து வந்த அவள் அம்மா வார்டு வாசலை விட்டு நகரவில்லை.

*

"கேஸ் முடிஞ்சுது" என்றான் வீரமணி, ஸ்கூட்டரைக் கடலூர் ரோட்டில் திருப்பி. "குரலைக் கண்டுபிடிச்சாப் போதும்னுதான் கடை முதலாளி தணிகைவேல் நம்மள வச்சாரு. கண்டுபிடிச்சாச்சு. அவரும் பாவம், ஏமாந்த மனுஷன். நானா இருந்தா மொதல் கேள்வியிலயே போனை வச்சிருப்பேன்."

கிருமாம்பாக்கம் வந்தது. பஸ் ஒன்று ஹாரன் அடித்துக் கடந்தது.

"வண்டியை ஓரமா நிறுத்து" என்றாள் இளவரசி.

நிறுத்தினான்.

"இறங்கு."

இறங்கினான்.

"ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடு. சாவியையும் கொடு. அந்த மைல் கல் பக்கத்தில் போய் நில்."

போய் நின்றான். வெயிலில் கண்ணைச் சுருக்கினான். ஒரு கரும்பு டிராக்டர் போனது. அதன் மேலிருந்தவர்கள் அவனையே பார்த்துக்கொண்டு போனார்கள்.

"இன்னா மேடம், க்ளூ ஏதாவதா?"

"இல்லை. நான் ஏன் சொல்றேன்னு நீ கேட்கவே இல்லை."

வீரமணி தலையைச் சொறிந்தான். "நீங்க மேடம். அது வேற."

"கடையில் இருந்தவர்களுக்கும் அது வேறதான்" என்றாள். சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். "ஆனால் யாரையாவது வெயிலில் பூட்டச் சொல்லியிருந்தால்?"

"மாட்டேன்."

"எந்த இடத்தில் மாட்டேன்னு சொல்லியிருப்பே?"

அவன் வண்டியை எடுத்தான். வில்லியனூர் வரை ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அவன் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

*

கடைத்தெருவில் பாதிக் கதவு மட்டும் திறந்திருந்தது அந்த ஜவுளிக் கடைதான். வாடிக்கையாளர் யாரும் இல்லை. கல்லாவில் தணிகைவேல். மூன்று தலைமுறையாக ஜவுளி வியாபாரம். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு. புடவைகளை ரகம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள் விஜயகுமாரி, கடையின் மூத்த விற்பனைப் பெண்.

"புடிச்சிட்டாங்களாமே!" தணிகைவேல் எழுந்தே விட்டார். "ரொம்ப நன்றிம்மா. ரிப்போர்ட்ல இதைத்தான் எழுதிக் குடுக்கணும். அவன் சொன்னான், நாங்க நம்பிட்டோம். போலீஸ் சொல்லைத் தட்ட முடியுமா? வியாபாரம் பண்றவங்க நாங்க."

"ஸ்டேஷன் இங்கேர்ந்து நாலு கடை தள்ளித்தானே இருக்கு முதலாளி?" என்றான் வீரமணி. "யாராவது எட்டிப் பாத்தீங்களா?"

தணிகைவேல் அவனைப் பார்க்காமல் இளவரசியிடம் பேசினார். "லைன்ல இருந்தாரே. லைன்ல இருக்கிறவரை விட்டுட்டு எப்படிப் போறது?"

டீ கொண்டுவந்த அந்தோணிசாமி, தம்ளரை வைத்துவிட்டுப் போகாமல் நின்றார். எதிர்க்கடை டீ மாஸ்டர்.

"முதலாளி என்கிட்டயும் சொன்னாரு" என்றார். "அந்தப் பொண்ணு ஓடாம பாத்துக்கினு குடோன் வாசல்ல நில்லுன்னு. 'போலீஸ்னா வந்து புடிக்கட்டும், நான் இன்னா காவக்காரனா'ன்னு கேட்டுட்டு வந்துட்டேன். கடையில துணிக் கட்டு கட்டுற பையன் கணேஷ்குமார் அதுவரைக்கும் நின்னுக்கினுதான் இருந்தான். நான் கெளம்பினதும் அவனும் என் பின்னாடியே வந்துட்டான்."

"அப்ப நீங்க ஒருத்தர்தான் ஒழுங்கு" என்றான் வீரமணி.

"எங்க தம்பி ஒழுங்கு? நான் வந்துட்டேன். அந்தப் பொண்ணு அங்கதான நின்னுது." அவர் காலி தம்ளரைப் பொறுக்கிக்கொண்டு போனார்.

இளவரசி விஜயகுமாரி பக்கம் திரும்பினாள். "ஷட்டரை இறக்கினது நீங்களா அக்கா?"

"ஆமாம்மா. ஐயா சொன்னாரு."

"எந்த ஐயா? போனில் இருந்தவரா, இவரா?"

விஜயகுமாரி குழம்பினாள். "போலீஸ் ஐயாதான்."

"அவர் குரல் உங்களுக்குக் கேட்டதா? ஸ்பீக்கர் போட்டிருந்தார்களா?"

"இல்ல. நம்ம ஐயா காதுலதான் இருந்துச்சு."

"அப்படியானால் இவர் என்ன சொன்னார்?"

"வாயால ஒண்ணும் சொல்லல. கையைக் காட்டினாரு."

அந்தக் கடையின் பழக்கம் அது. கஸ்டமர் காதில் விழக் கூடாதென்று எல்லாவற்றுக்கும் ஒரு கை ஜாடை. விலை குறைத்துச் சொல்லு என்றால் இரண்டு விரல். பழைய ஸ்டாக்கை எடு என்றால் கட்டை விரல். உள்ளங்கையைக் கவிழ்த்துக் கீழே இறக்கினால் ஷட்டர். காட்டியதும் செய்ய வேண்டும். ஏன் என்று கேட்டால் வியாபாரம் கெடும். சேர்ந்த முதல் நாளே புதுப் பெண்களுக்கு விஜயகுமாரி இதைத்தான் சொல்லிக் கொடுப்பாள். கீர்த்திகாவுக்கும் சொல்லிக் கொடுத்திருந்தாள். அந்தக் கை இறங்கியபோது, ஷட்டருக்கு உள்ளே நின்றவளுக்கும் அதன் அர்த்தம் தெரிந்திருந்தது.

"இறக்கும்போது அவள் முகத்தைப் பார்த்தீர்களா?"

"பாத்தேன்." குரல் இறங்கிவிட்டது. "செல்லு டார்ச் அடிச்சேன். தெரிஞ்சுது."

"பட்டப் பகலில் டார்ச் எதற்கு?"

"உள்ள ஜன்னல் இல்லியே. கரண்ட் வேற அப்பதான் போயிருந்துச்சு."

இளவரசி கல்லா மேசையைப் பார்த்தாள். அதன் மேல் பழைய கம்பியில்லா லேண்ட்லைன் போன். போர்டில் எழுதிய நம்பர் மாறக் கூடாதென்று வைத்திருப்பது. போன் உட்காரும் தட்டிலிருந்து ஒரு வயர் சுவரிலிருந்த பிளக்குக்குப் போனது.

"இன்வெர்ட்டர் எதற்கெல்லாம் ஓடும் சார்?"

"பில் கம்ப்யூட்டருக்கு. முன்னாடி ரெண்டு லைட்டுக்கு. ஏன்?"

"மணி, வெளியே போய் இந்த நம்பருக்குப் போடு."

போன் அடித்தது. "எடுங்கள் சார். அன்றைக்குப் போலக் குடோன் வாசலுக்குப் போய்ப் பேசுங்கள்."

தணிகைவேல் ஏன் என்று கேட்கவில்லை. எடுத்துக்கொண்டு நடந்தார்.

"வணக்கம் முதலாளி" என்று வீரமணியின் குரல் வாசலிலிருந்தும் போனிலிருந்தும் வந்தது. "பட்டுப் புடவை பாதி விலைக்குக் கிடைக்குமா? எங்க அம்மா கேக்கச் சொன்..."

இளவரசி பிளக்கைப் பிடுங்கினாள்.

தணிகைவேலின் காதருகே போன் மூன்று முறை மெல்லக் கூவியது. பிறகு ஒன்றும் இல்லை. கையிலிருந்த போனின் சின்ன விளக்கு மட்டும் பேட்டரியில் எரிந்துகொண்டிருந்தது. அவர் அதைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

ஆனால் இளவரசி பார்த்தது அவரை அல்ல. அந்தச் சத்தத்துக்கு விஜயகுமாரியின் தோள் அடி விழுந்ததுபோல் துள்ளியது.

வீரமணி ஓடி வந்தான். "மேடம், லைன் கட்!" என்றவன், பிளக்கைப் பார்த்தான். கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்குப் புரிந்தது. "அப்படின்னா கரண்ட் போனப்பவே லைனும் போயிடுச்சு. ஷட்டர் அதுக்கு அப்புறம்தான். அப்ப... போன்ல யாருமே இல்லியா?"

"யாரும் இல்லை" என்றாள் இளவரசி. "பக்கிரிசாமி பொய் சொல்லவில்லை."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது.

தணிகைவேல் புடவைக் கட்டின் மேல் உட்கார்ந்தார். "நான் வாயைத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லலம்மா."

"ஆமாம். கையைத்தான் காட்டினீர்கள். ஏன் சார்? லைனில் இருந்தவர் போய்விட்டார். போனை வைத்துவிட்டு, போம்மான்னு அனுப்பியிருக்கலாமே?"

தணிகைவேல் பேசியபோது அது முதலாளியின் குரலாக இல்லை.

"லைன் போனதும் அந்தப் பொண்ணு என்னையே பாத்துக்கினு நின்னுச்சு. அதுவரைக்கும் எல்லாம் அவரு சொன்னது. பையைக் கொட்டினது, செல்லைப் புடுங்கினது, எல்லார் முன்னாடியும் திருடின்னு நிக்க வச்சது. 'பொறுப்பு என்னுது'ன்னு சொன்னாரு. காதுலேர்ந்து போனை எடுத்துட்டேன்னா..." முகத்தைத் துடைத்தார். "அந்த நிமிஷமே எல்லாம் என்னுதா ஆயிடும். அதான் எடுக்கல. ஆமாம் சார், சரிங்க சார்னு சும்மா பேசிக்கினே இருந்தேன். அவரு இருந்திருந்தா இன்னா சொல்லியிருப்பாருன்னு யோசிச்சி, அதைச் செஞ்சேன்."

"அவர் கேட்காததையும் சேர்த்துச் செய்தீர்கள்."

"வருவாருன்னு நெனச்சேன். ஜீப்பு வரும், ஒப்படைச்சிடலாம், முடிஞ்சிடும்னு."

"அப்புறம்?"

"வூட்டுக்குப் போய்ச் சாப்ட்டேன்." அவர் தரையைப் பார்த்தார். "தூங்கினேம்மா. நல்லாத் தூங்கினேன்."

"எழுதறப்போ இதை விட்டுடுங்க" என்றார் தணிகைவேல், கை கூப்பி. "தப்புப் பண்ணவன் கிடைச்சிட்டான். ஜெயிலுக்குப் போகப் போறான். அவன் போன் பண்ணலன்னா இது எதுவும் நடந்திருக்குமா? சொல்லுங்க."

"நடந்திருக்காது. அவர் செய்ததற்கு அவர்தான் பதில் சொல்லணும். அதில் ஒரு குந்துமணி கூடக் குறையாது. ஆனால் அவர் எவ்வளவு சுமந்தாலும் உங்களுடையது இலேசாகாது சார். இரண்டும் ஒரே மூட்டை இல்லை."

"அவ மட்டும்?" அவர் கை விஜயகுமாரியைக் காட்டியது. "இறக்கினது அவதானே?"

விஜயகுமாரி நிமிர்ந்தாள். "எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும் அக்கா?"

"அந்தச் சத்தம். டீக்கடை வரைக்கும் போனை எடுத்துக்கினு போனா இப்படித்தான் கூவும், லைன் போயிடும். எத்தினி வாட்டி கேட்டிருக்கேன். அன்னிக்கும் கேட்டேன். ஐயா பக்கத்துலதான் நின்னேன். லைன் இல்லன்னு எனக்குத் தெரியும்."

தணிகைவேல் அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"தெரிஞ்சுமா?" என்றான் வீரமணி.

"இன்னா பண்றதுபா? அவரு காதுல வச்சிருந்தாரு. லைன் இல்லியே ஐயான்னு சொன்னா, அவரு நடிக்கிறாருன்னு சொன்ன மாதிரி ஆவாதா? முதலாளி ஆச்சே, ஏதோ காரணம் இருக்கும்னு நெனச்சிக்கினேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "பொய். ஒண்ணும் நெனைக்கல. கை எறங்குச்சு, நானும் எறக்கினேன். 'யக்கா, நீ கூடவா'ன்னு கேட்டா. இந்தக் கடையில அவளைச் சேத்துவிட்டதே நான்தான்."

இளவரசியின் செல் அதிர்ந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கீர்த்திகாவின் அம்மா இளவரசியை முதல் முறையாக அழைத்தார். இளவரசி கேட்டாள். "சரிங்கம்மா" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

மூன்று பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"கண் விழித்துவிட்டாள். இன்னும் சில நாள் போனால்தான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியுமாம்." கொஞ்சம் நிறுத்தினாள். சொல்லாமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "விழித்ததும் அம்மாவிடம் ஒரே கேள்வி கேட்டாளாம். மோதிரம் கிடைச்சுதான்னு."

மோதிரம் என்று ஒன்று எப்போதும் இருந்ததில்லை.

தணிகைவேல் வேட்டி நுனியால் முகத்தை மூடிக்கொண்டார். விஜயகுமாரி கையிலிருந்த புடவையை மடித்து, ஓரம் பார்த்து, அடுக்கில் வைத்தாள். பிறகு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள்.

"எங்க போற?" என்றார் தணிகைவேல்.

"ஸ்டேஷனுக்கு."

"இரு. வக்கீலைக் கேட்டுக்கலாம். நான் சொல்றப்போ போனாப் போதும்."

அவள் நின்றாள். பழகிய கால்கள், தாமாகவே நின்றன. போங்கள் என்று ஒரு வார்த்தை இளவரசியின் வாய் வரை வந்தது, அதை விழுங்கினாள்.

விஜயகுமாரி படியில் கால் வைத்தாள்.

"அக்கா, நான் கூட வரட்டுமா?" என்று வீரமணி ஓடினான்.

"வேணாம்பா" என்றாள் அவள், திரும்பாமல். "கூட யாராவது வந்தா, அவங்க சொல்லித்தான் வந்தேன்னு நானே நெனச்சிக்குவேன்."

தெருவில் வெயில் இன்னும் இறங்கவில்லை. நிழல் ஓரம் ஒதுங்காமல், அவள் நடுரோட்டிலேயே நடந்து போனாள்.